யார் சொன்னது?

பைண்டு செய்து வந்த எந்த முனைவர் பட்ட ஆய்வேட்டைத் திறந்தாலும் தலைப்புத் தாளை அடுத்து இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று நெறியாளர் சான்றிதழ், மற்றது ஆய்வாளர் உறுதிமொழி. இது இவர் தாமே செய்த ஆய்வு என்று நெறியாளர் கையெழுத்திடுகிறார். இது நானே செய்த ஆய்வு என்று மாணவர் கையெழுத்திடுகிறார். வாசகங்கள் பல்கலைக்கழகம் கொடுத்தவை. டி.டி.பி. கடைக்காரரிடம் பெயரையும் தலைப்பையும் மட்டும் மாற்றிக்கொள்ளும்படி ஏற்கெனவே தயாராக இருக்கும். மூன்று ஆண்டுகளோ ஐந்து ஆண்டுகளோ நடந்த ஒரு வேலைக்கு இந்த இரண்டு கையெழுத்துகள்தாம் சாட்சி. எதைப் பார்த்துக் கையெழுத்திட்டீர்கள் என்று நெறியாளரை யாராவது கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் என்ன இருக்கும் என்பது சங்கடமான கேள்வி.

ஒப்புமைச் சதவீதத்தைக் காட்டலாம் என்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மேற்கோளாகக் காட்டியவை, துணைநூற்பட்டியல், தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்களுக்குள் அமைந்த பொதுவான தொடர்கள் ஆகியவை கணக்கில் வராது. இந்த எண் சொல்வதெல்லாம் இந்த வாக்கியங்கள் வேறெங்கும் அச்சாகியிருக்கின்றனவா என்பதை மட்டுமே. கூலி கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கிய ஆய்வேட்டில் ஒப்புமை மிகக் குறைவாகத்தான் வரும். அது புதிதாக எழுதப்பட்டதுதானே! தமிழில் இன்னொரு கூத்தும் உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்பு, திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும்தான் கிடக்கும். அதை அப்படியே மென்பொருளிடம் கொடுத்தால் ஒப்பிட ஒன்றுமே இருக்காது. பழைய நூல் ஒன்றின் முழு இயலையும் எடுத்துப் போட்டிருந்தாலும் எண் சுத்தமாக வரும்.

அரையாண்டு அறிக்கையைக் காட்டலாம். 2022இன் புதிய விதிகளின்படி ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வந்து தன் வேலையைச் சொல்ல வேண்டும், அறிக்கை நிறுவனத்துக்குப் போக வேண்டும், நகல் மாணவருக்கு வர வேண்டும். நல்ல விதி. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை கூடுகிற குழு, நடந்த வேலையைப் பார்க்காது, முடிந்த வேலையைத்தான் பார்க்கும். பெரும்பாலான அறிக்கைகளில் 'முன்னேற்றம் மனநிறைவளிக்கிறது' என்ற ஒரே வரி இருக்கும். அந்த வரியை நானும் பலருக்கு எழுதியிருக்கிறேன். படிவத்தில் அதற்கு மேல் இடமில்லை.

ஆகவே சாட்சியம் வேறிடத்தில் சேர வேண்டியிருக்கிறது. எங்கள் அறையில் அது ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேர்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, குறித்த கிழமையில், ஒவ்வொரு மாணவருக்கும் முக்கால் மணி நேரம். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேர் வரை முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டலாம், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. எட்டுப் பேரும் இருந்தால் வாரத்துக்கு மூன்று மணி நேரம் இதற்கென்று போகும். வகுப்பு, விடைத்தாள், கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே அந்த மூன்று மணி நேரத்தைக் காப்பாற்றுவதுதான் முறையின் கடினமான பகுதி. மற்றதெல்லாம் எளிது.

வரும்போது மாணவர் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். போன முறை எதைச் செய்வதாகச் சொன்னோம், எது நடந்தது, எது நடக்கவில்லை, புதிதாக என்ன தட்டுப்பட்டது, எங்கே நிற்கிறேன். இத்துடன் அந்த நாளில் இயல் எந்த நிலையில் இருக்கிறதோ அதன் அச்சுப் பிரதி, தேதியிட்டு. கோப்பின் பெயரிலேயே தேதி இருக்க வேண்டும், `iyal3_2023-07-12.docx` என்பதுபோல. பழைய கோப்பின் மேல் புதியதைச் சேமிக்கக் கூடாது. அடுத்த முறைக்கு அடுத்த தேதியில் வேறு கோப்பு.

கோப்பு இருந்தால் போதாதா, உருவாக்கியவர் பெயரும் திருத்திய நேரமும் அதிலேயே பதிந்திருக்குமே என்று கணினி தெரிந்த நண்பர் ஒருவர் கேட்டார். எங்கள் மாணவர்களில் பலர் இன்றும் கையால் எழுதித் தட்டச்சுக்குக் கொடுப்பவர்கள். அவர்களுடைய கோப்பின் பண்புகளைத் திறந்தால் ஆசிரியர் என்ற இடத்தில் டி.டி.பி. கடையின் பெயர் இருக்கும். பல்கலைக்கழக வாசலில் உள்ள ஒரு கடைக்காரர் இந்தக் கணக்கில் பார்த்தால் பத்துப் பதினைந்து துறைகளில் முனைவர். கோப்பின் சாட்சியத்தை நம்பினால் நேர்மையாக எழுதியவர் மாட்டிக்கொள்வார், எழுதி வாங்கித் தன் மடிக்கணினியில் பொறுமையாகத் தட்டச்சு செய்தவர் தப்பிவிடுவார். அதனால் கையெழுத்துப் பிரதியை எறியாமல் தேதி போட்டுத் தைத்து வைக்கச் சொல்கிறேன்.

சந்திப்பில் முதல் பத்து நிமிடம் நான் பேசுவதில்லை. மாணவர் சொல்ல வேண்டும். பிறகு அச்சுப் பிரதியில் ஏதாவது ஒரு பத்தியைத் தொட்டு, தாளைப் பார்க்காமல் அதைச் சொல்லச் சொல்வேன். இது ஓரளவுதான் பயன்படும், ஏனென்றால் மனப்பாடம் செய்து வருவது நம் மாணவர்களுக்குக் கைவந்த கலை. எனக்கு உதவும் கேள்வி வேறு: 'இந்த இயலில் எழுதிவிட்டு அப்புறம் எதை எடுத்தாய்?' எழுதியவருக்குத் தான் வெட்டியது நினைவில் இருக்கும். வெட்டியதில் கொஞ்சம் வருத்தம்கூட இருக்கும். இரண்டு பக்கம் எழுதினேன் ஐயா, அந்தப் பாடகர் சொன்ன ஊர்ப்பெயர் தவறு என்று தெரிந்ததும் எல்லாம் போய்விட்டது என்பார்கள். எழுதி வாங்கியவருக்குக் கையில் இருப்பது மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பது அவருக்கு விற்கப்படவில்லை.

சந்திப்பு முடிந்ததும், அன்று மாலைக்குள், நடந்ததை மாணவர் எழுதி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். நான் எழுதுவதில்லை. நான் எழுதினால் என் சொற்களில் என் நினைவுதான் பதியும், மாணவர் அதற்குத் தலையாட்டுவார். அவர் எழுதினால், நான் சொன்னதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரியும். பல முறை வேறாகத்தான் புரிந்திருக்கும். இரண்டு நாளுக்குள் திருத்தம் இருந்தால் சேர்த்துத் திருப்பி அனுப்புவேன். அச்செடுத்து நோட்டில் ஒட்டுகிறோம். மின்னஞ்சலில் தேதி தானே விழுந்துவிடுகிறது, முன்தேதி போட வழியில்லை.

அந்தக் குறிப்பில் ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு புதிய கருத்துக்கும் நேரே 'யார் சொன்னது?' என்று எழுத வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் எல்லாத் தகராறும்.

ஒரு மாணவியின் நோட்டை எடுத்துக்கொள்கிறேன். வில்லுப்பாட்டில் சுடலைமாடன் கதை அவருடைய பொருள். தெற்குத் திருநெல்வேலிப் பக்கம் கொடை நடக்கும் ஊர்களுக்குப் போய் இரவு முழுக்க உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்து வருவார். பாடுகிற அண்ணாவிகளில் ஒருவரிடம் ஏட்டிலிருந்து பெயர்த்து எழுதிய பழைய நோட்டு ஒன்று இருந்தது. அவர் பாடியதையும் நோட்டில் இருந்ததையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்பதுதான் மூன்றாம் இயல். தொடக்கத்தில் மாணவி எழுதி வந்தது ஒரு பட்டியல்: நோட்டில் உள்ள வரிகள், பாடும்போது விடுபட்டவை, பாடும்போது கூடியவை. விடுபட்டதற்கும் கூடியதற்கும் காரணம் பாடகரின் மறதி என்றும் கற்பனை வளம் என்றும் எழுதியிருந்தார். வழக்கமான விளக்கம், பல ஆய்வேடுகளில் பார்த்ததுதான்.

அன்றைய சந்திப்பில் நான் கேட்டது, கூடிய வரிகள் கதையில் எந்த இடத்தில் வருகின்றன, எல்லா ஊரிலும் அதே இடத்திலா என்று. அவருக்குத் தெரியவில்லை. பார்த்து வருகிறேன் என்றார். குறிப்பிலும் அப்படியே எழுதினார். அடுத்த முறை ஒன்றும் நடக்கவில்லை. தாயாருக்கு உடம்பு சரியில்லாமல் ஊரில் இருந்ததாக ஒரு வரி. அதற்கு அடுத்த முறை ஒலிப்பதிவுகளை நேரம் குறித்துக்கொண்டு வந்தார். சுடலை மலையாளத்துக்குப் போகும் பகுதி ஒரு கோயிலில் பன்னிரண்டு நிமிடம், இன்னொரு கோயிலில் அதே அண்ணாவி பாடி அரை மணிக்கு மேல். கூடிய வரிகள் பெரும்பாலும் அங்கேதான். ஏன் என்று கேட்டேன். அவர் உடனே சொல்லவில்லை. இரண்டாவது கோயிலின் ஒளிப்பதிவு இருக்கிறது, பார்க்க வேண்டும் என்றார்.

அதற்கடுத்த குறிப்பில் விடை இருந்தது. ஒளிப்பதிவில் அண்ணாவி கூட்டத்தைப் பார்க்கவில்லை, கோமரத்தாடியைப் பார்க்கிறார். சாமி வரத் தாமதமானால் அந்தப் பகுதியைச் சுற்றிச் சுற்றிப் பாடுகிறார், வரிகளைக் கூட்டுகிறார், உடுக்கு வேகமெடுக்கிறது. ஆட்டம் வந்ததும் கதை சட்டென்று அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுகிறது. முதல் கோயிலில் சாமி சீக்கிரம் வந்துவிட்டது, பாட்டும் சுருங்கிவிட்டது. ஆக, நோட்டுக்கும் நிகழ்த்துதலுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கும் பாடகரின் மறதிக்கும் பெரிய தொடர்பு இல்லை. வேண்டிய அளவுக்கு நீட்டவும் குறைக்கவும் இடம்விட்டு அவர் பாடுகிறார். வில்லுப்பாட்டை ஆராய்ந்தவர்களுக்கு, கதையின் ஓட்டத்துக்கும் சாமி வருவதற்கும் தொடர்புண்டு என்பது புதிதல்ல. ஒரே அண்ணாவியை இரண்டு கோயில்களில் நிமிடக் கணக்கில் வைத்து, எந்த வரிகள் எதற்காகக் கூடின என்று காட்டியதுதான் இவருடைய பங்கு.

இதற்கு நேரே 'யார் சொன்னது?' கட்டத்தில் அவர் எழுதியிருந்தது: ஐயா.

கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க கேட்டதாலதானே ஐயா பார்த்தேன்," என்றார்.

"கேட்டது நான். கண்டது நீம்மா. நான் கேட்டபோது எனக்கு விடை தெரியாது."

"அப்படி எழுதினா நல்லாவா இருக்கும் ஐயா?"

இந்தத் தயக்கம் அவருடையது மட்டும் இல்லை. நம் துறைகளில் மாணவர் எதையும் 'ஐயா சொன்னபடி' என்றுதான் தொடங்குவார். அதில் மரியாதை இருக்கிறது, கொஞ்சம் தற்காப்பும் இருக்கிறது. தவறாகிவிட்டால் ஐயா பார்த்துக்கொள்வார். ஆனால் ஐந்து ஆண்டுகள் அப்படியே பழகினால் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும்போதும் ஐயா பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றும். இன்னொரு பக்கம், அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நெறியாளருக்கும் அது உண்மைதான் என்று தோன்றத் தொடங்கும். கட்டத்தைத் திருத்தச் சொன்னேன். இப்போது அதில் மூன்று வரி இருக்கிறது. கேள்வி: நெறியாளர். கவனிப்பும் விளக்கமும்: ஆய்வாளர். நோட்டைக் காட்டி, எந்த இடத்தில் நீட்டுவேன் என்று சொல்லித் தந்தவர்: அண்ணாவி. மூன்றாவதை அவராகவே சேர்த்தார். நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளில் பாடியவர்கள் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியலில் வயதோடும் ஊரோடும் அடங்கிவிடுவார்கள். அவர்களில் சிலர் வெறும் தகவல் தந்தவர்கள் அல்லர், விளக்கமும் தந்தவர்கள் என்பது இந்த மாதிரிக் கட்டத்தில்தான் தெரிகிறது.

கேள்வியும் கண்டுபிடிப்பும் ஒருவருடையதாகவே எண்ணப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெரிந்த உதாரணம் அறிவியலில் இருக்கிறது. 1943இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனிடம் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற முனைவர் பட்ட மாணவர் இருந்தார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து கிருமிகளைக் கொல்லும் பொருள் கிடைக்குமா என்று வரிசையாகச் சோதிப்பது வாக்ஸ்மன் ஏற்கெனவே வகுத்து நடத்திவந்த திட்டம். அந்தத் திட்டத்துக்குள் ஸ்ட்ரெப்டோமைசினைத் தரும் உயிரியைப் பிரித்தெடுத்தவர் ஷாட்ஸ். காசநோய்க்கு முதலில் பயன்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி அதுதான். 1944இல் வந்த கட்டுரையில் ஷாட்ஸின் பெயர் முதலில் இருந்தது, எலிசபெத் பூகி அடுத்து, வாக்ஸ்மன் கடைசியில். மருந்து புகழ்பெற்றபின் கதை மாறியது. உரிமைத்தொகை வாக்ஸ்மனுக்கு வருவது தெரிந்து 1950இல் ஷாட்ஸ் வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டின் முடிவில் சமரசம் ஏற்பட்டு, கூட்டுக் கண்டுபிடிப்பாளர் என்று அவர் ஏற்கப்பட்டார், உரிமைத்தொகையில் 3 சதவீதம் கிடைத்தது. 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. தன் ஆசிரியர் மேல் வழக்குப் போட்டவர் என்ற பெயர் ஷாட்ஸை நெடுங்காலம் துரத்தியது. பின்னாளில் பீட்டர் பிரிங்கிள் என்ற பத்திரிகையாளர் இந்தக் கதையை எழுதியபோது அவருக்குக் கைகொடுத்தது ஷாட்ஸின் ஆய்வக நோட்டு. ஆகஸ்டு 1943இல் தொடங்கிய பதினோராவது சோதனை அதில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. பிரிங்கிளின் நூலுக்குத் தலைப்பே அந்தச் சோதனைதான்.

வாக்ஸ்மனைக் கெட்டவராக்கி முடித்துவிடுவது சுலபம். திட்டம் அவருடையது, அது இல்லாமல் ஷாட்ஸ் அந்த மண்ணைத் தொட்டிருக்கவே மாட்டார் என்பதும் உண்மை. திட்டம் எங்கே முடிந்து கண்டடைவது எங்கே தொடங்கியது என்று இருவரும் அன்றன்றே உட்கார்ந்து எழுதிக்கொள்ளவில்லை. புகழும் பணமும் வந்தபின் உட்கார்ந்து பிரிப்பது யாராலும் ஆகாது.

எங்கள் துறைகளில் பணம் இல்லை, பெயர் உண்டு. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்று 2016இன் விதி கேட்டது. 2022இன் விதி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டாலும் பழக்கம் போகவில்லை. மாணவர் எழுதிய கட்டுரையில் நெறியாளர் பெயரும் ஏறும், சில இடங்களில் முதலில் ஏறும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதற்குத் தெளிவாக ஒரு வரையறை வைத்திருக்கிறது: பொதுவான மேற்பார்வை மட்டும் செய்தவர் ஆசிரியர் ஆகமாட்டார், நன்றியுரையில் இடம்பெறலாம். தமிழாய்வுக்கு அப்படி ஒரு வரையறையை யாரும் வகுத்ததாகத் தெரியவில்லை. நாங்கள் கட்டுரை எழுதலாம் என்று பேச்சு வந்த அன்றே, யார் எந்தப் பகுதியை எழுதப்போகிறார், யார் பெயர் வரும் என்று நோட்டில் எழுதிவிடுகிறோம். மேலே சொன்ன கோமரத்தாடிக் கவனிப்பு கட்டுரையானபோது அதில் என் பெயர் இல்லை. ஒரு கேள்வி கேட்டதற்கு நன்றியுரையில் ஒரு வரி போதும்.

என் கை எங்கே பட்டது என்பதும் பதிவில் இருக்க வேண்டும். அச்சுப் பிரதியின் ஓரத்தில் கேள்வி எழுதுவதோடு நிறுத்திக்கொள்வது விதி. ஆனால் சில நேரம் பொறுமை போய் ஒரு பத்தியை நானே மாற்றி எழுதிவிடுவேன். அப்போது பச்சை மையில் எழுதுவேன், மாணவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, தன் சொற்களில் மறுபடி எழுதி வர வேண்டும். அதே போல்தான் பிழைதிருத்துபவரும். ஒவ்வொருவருக்கும் ஒற்றில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வினையெச்சத்துக்குப் பின் ஒற்றை விட்டுவிடுவார், ஒருவர் வேண்டாத இடத்திலெல்லாம் போடுவார். நான்கு இயல் வரை அப்படி எழுதியவர் ஐந்தாம் இயலில் ஓர் ஒற்றுப்பிழையும் இல்லாமல் வந்தால் கண் அங்கே நிற்கும். பெரும்பாலும் ஊரிலிருக்கும் தமிழாசிரியர் மாமா திருத்தியிருப்பார். அதில் தப்பில்லை. மாமா என்று குறிப்பில் எழுதினால் போதும், ஆய்வேட்டின் நன்றியுரையிலும் அவர் வருவார். ஆனால் ஒற்றோடு சேர்ந்து வாதத்தின் நடையும் மாறியிருந்தால், முந்தைய குறிப்புகளில் சுவடே இல்லாத கருத்து முழு இயலாக வந்து நின்றால், அன்று முக்கால் மணி நேரம் போதாது.

நோட்டும் பொய்யாகலாம். குழு கேட்கிறது என்று கடைசி மாதத்தில் உட்கார்ந்து இரண்டு ஆண்டுக் குறிப்பையும் எழுதிய நோட்டு ஒன்றை வேறொரு துறையில் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் தெரிந்துவிடும். எல்லாப் பக்கத்திலும் ஒரே மை, ஒரே கை அழுத்தம். எந்தச் சந்திப்பிலும் 'நடக்கவில்லை' என்ற வரி கிடையாது. முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்திருக்கும், யாரும் எங்கும் மனத்தை மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். உண்மையான நோட்டில் வெற்று வாரங்கள் இருக்கும். தேர்தல் பணி, அறுவடை, குழந்தைக்குக் காய்ச்சல். ஐந்தாவது சந்திப்பில் உறுதியாகச் சொன்னதை எட்டாவதில் மறுத்திருப்பார்கள். எனக்கு ஒரு குறிப்பில் நம்பிக்கை வருவது இப்படிப்பட்ட அடித்தல்களால்தான். இதனாலேயே வெற்று வாரத்துக்கு யாரையும் கடிந்துகொள்வதில்லை. கடிந்துகொண்டால் அடுத்த வாரத்திலிருந்து பொய்க் குறிப்பு வரத் தொடங்கும்.

முறையால் ஆகாததும் உண்டு. துணிந்து ஏமாற்றுபவர் கூலிக்கு எழுதுபவரிடமே பதினைந்து நாளுக்கு ஒரு குறிப்பும் வாங்கிவரலாம். செலவு கூடும், அவ்வளவுதான். நெறியாளரே ஏமாற்ற நினைத்தால், இரண்டாவது பிரதி மாணவர் கையில் இருப்பது ஒன்றே தடை. அதனால் அசல் யாரிடம், நகல் யாரிடம் என்ற பேச்சே இல்லாமல் இருவரிடமும் முழுதாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.

பட்டம் வாங்கியபின் இந்த நோட்டுகளை யார் வைத்துக்கொள்வது என்பதற்கு விதி இருப்பதாகத் தெரியவில்லை. ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறிவிடும், பைண்டு செய்த பிரதி நூலகத்துக்குப் போகும். குறிப்புகளும் வெட்டிய பக்கங்களும் தேதியிட்ட கையெழுத்துப் பிரதிகளும் நெறியாளர் ஓய்வு பெறும் மாதத்தில் அறையைக் காலி செய்யும்போது பழைய பேப்பர்காரரிடம் போகும். ஆய்வேடு நூலாக வருவது பெரும்பாலும் பட்டத்துக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான், சச்சரவு வருவதும் அப்போதுதான். அதுவரை வைத்திருக்கத் துறையில் ஓர் அலமாரி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார் எழுத்தர்.